384 பேர் போதுமா?
பதுளைத் தோட்டங்களில் ஒரு சந்தைப்படுத்தல் ஆய்வேட்டின் கணக்கு

சந்தைப்படுத்தல் துறையில் இறுதியாண்டு ஆய்வேடுகளைப் புரட்டினால், முறையியல் அத்தியாயத்தில் ஒரே வாக்கியம் திரும்பத் திரும்பக் கண்ணில் படும். மாவட்டத்தின் சனத்தொகை இத்தனை லட்சம். கிரெய்ச்சி–மோர்கன் அட்டவணைப்படி மாதிரி 384 பேர். வசதி மாதிரி முறையில் தெரிவு செய்யப்பட்டனர். ஐந்து புள்ளி லிகர்ட் அளவுகோல் பயன்படுத்தப்பட்டது. எத்தனை பேரைக் கேட்பது, யாரைக் கேட்பது, எப்படிக் கேட்பது என்ற மூன்று தீர்மானங்களும் இந்த ஒரே மூச்சில் முடிந்துவிடுகின்றன. இவை ஊவாவின் தேயிலைத் தோட்டங்களில் எவ்வளவு தூரம் தாங்கும் என்பதை எடைபோடுவதே இக்கட்டுரை.

எடைபோட ஒரு தலைப்பு வேண்டும். பதுளையில் ஊவா வெல்லஸ்ஸ பல்கலைக்கழகம் 2005இல் தொடங்கப்பட்டது. அங்கோ வேறெங்கோ படிக்கும் ஒரு மாணவி, ‘பதுளை மாவட்டத் தோட்டக் குடும்பங்களின் பால்மாத் தெரிவு’ என்ற தலைப்பை எடுத்துக்கொள்கிறார் என்று வைப்போம். அவருக்குத் தெரிய வேண்டியவை இரண்டு. எத்தனை வீதமான குடும்பங்கள் எந்தப் பால்மாவை வாங்குகின்றன? ஏன் அதையே வாங்குகின்றன?

அட்டவணை சொல்வதும் சொல்லாததும்

ரொபர்ட் கிரெய்ச்சி, டாரில் மோர்கன் ஆகிய இருவரும் 1970இல் கல்வி அளவீட்டுச் சஞ்சிகை ஒன்றில் வெளியிட்ட சில பக்கக் கட்டுரையில்தான் அந்த அட்டவணை இருக்கிறது. அதற்குப் பின்னால் உள்ள சூத்திரம் இது:

```
s = X²·N·P(1−P) / [ d²(N−1) + X²·P(1−P) ]
X² = 3.841,  P = 0.5,  d = 0.05
```

N சனத்தொகை, P நாம் அளக்க விரும்பும் விகிதம், d நாம் பொறுத்துக்கொள்ளும் வழு. விகிதம் முன்கூட்டித் தெரியாது என்பதால், மிக அதிகமான மாதிரியைக் கேட்கும் 0.5ஐ வைத்துக்கொள்கிறார்கள். இது நல்ல எச்சரிக்கை. N ஆயிரமானால் 278 பேர் வேண்டும், பத்தாயிரமானால் 370, பத்து லட்சமானால் 384. சனத்தொகை நூறு மடங்கு பெருகியும் மாதிரி 14 பேரால்தான் கூடுகிறது. ஆகவே மாவட்டச் சனத்தொகையைக் கடைசி இலக்கம்வரை எழுதிக் காட்டும் பத்தி, ஆய்வேட்டின் கனத்தைக் கூட்டலாம், விடையை அசைக்காது.

சூத்திரத்தில் பிழை இல்லை. அதன் நிபந்தனைகள்தான் கவனிக்கப்படுவதில்லை. முதலாவதாக, அது ஒரு விகிதத்தை மதிப்பிடுவதற்கான கணக்கு. இரண்டு மாறிகளுக்கு இடையே தொடர்பு உண்டா என்று பார்ப்பதற்கு அது எழுதப்படவில்லை. இரண்டாவதாக, அது எளிய எழுமாற்று மாதிரியை எடுகோளாகக் கொள்கிறது. சனத்தொகையின் முழுப் பட்டியலும் கையில் இருந்து, ஒவ்வொருவருக்கும் சம வாய்ப்புக் கொடுத்து, ஒருவர் பதில் மற்றவர் பதிலோடு ஒட்டாதபடி எடுக்கப்படும் மாதிரி அது. ‘வசதி மாதிரி’ என்று எழுதிய கையோடு ‘நூற்றுக்கு 5 கூடக் குறைய’ என்றும் எழுதினால், ஒன்று மற்றதை வெட்டுகிறது. வசதி மாதிரிக்கு வழு எல்லை கணக்கிட வழியே இல்லை.

ஒரு கடை, ஒரு டிவிசன், ஒரே பதில்

ஒருவர் பதில் மற்றவர் பதிலோடு ஒட்டாது என்ற நிபந்தனை தோட்டத்தில் உடைவதற்கு ஒரு குறிப்பான காரணம் உண்டு. அது கடன் கொப்பி. மாதச் சம்பளத்துக்கும் முற்பணத்துக்கும் இடைப்பட்ட நாட்களில் பல குடும்பங்கள் சாமான் வாங்குவது, கொப்பி வைத்திருக்கும் கடையில்தான். அந்தக் கடைக்காரர் எந்தப் பால்மாவை அடுக்கி வைத்திருக்கிறாரோ, எந்தச் சின்னப் பைக்கற்று அவரிடம் இருக்கிறதோ, அதுதான் வீட்டுக்கு வரும். ஒரு டிவிசனின் லயங்கள் பெரும்பாலும் ஒன்றிரண்டு கடைகளையே நம்பியிருந்தால், அங்கே 48 வீட்டைக் கேட்டாலும் கிடைப்பது அந்த ஒன்றிரண்டு கடையின் தட்டைப் பற்றிய செய்திதான்.

இப்படி ஒரே கொத்துக்குள் பதில்கள் ஒத்துப்போவதற்குப் புள்ளிவிபரவியலில் ஓர் அளவு இருக்கிறது. கொத்தணிக்குள் ஒட்டுறவுக் குணகம் என்று அதைச் சொல்வார்கள். ρ என்று குறிப்பார்கள். ஒரு கொத்தில் m வீடுகளை எடுத்தால், மாதிரியின் பயன் எத்தனை மடங்கு குறைகிறது என்பதை இந்தச் சூத்திரம் தரும்:

```
deff = 1 + (m − 1)ρ
```

ρ 0.1 என்று வைத்துக்கொள்வோம். இது கணக்குக்காக எடுத்த எண்தான். ஆனால் கடன் கொப்பி ஆட்சி செய்யும் இடத்தில் மிகையான எண் அல்ல. மாணவி போய்வர வசதியான 8 டிவிசன்களில், ஒவ்வொன்றிலும் 48 வீடு கேட்டு 384ஐ நிரப்புகிறார். deff 5.7 வருகிறது. 384ஐ 5.7ஆல் வகுத்தால் 67. அதாவது அவர் கேட்ட 384 வீடும், எளிய எழுமாற்று முறையில் எடுத்த 67 வீட்டின் தகவலைத்தான் தருகின்றன. வழு எல்லை 5 வீதம் அல்ல, ஏறத்தாழ 12 வீதம்.

அதே மாணவி 20 டிவிசன்களுக்குப் போய், ஒவ்வொன்றிலும் 8 வீடு மட்டும் கேட்டால் மொத்தம் 160. deff 1.7; பயனுள்ள மாதிரி 94; வழு எல்லை ஏறத்தாழ 10 வீதம். பாதிக்கும் குறைவான வினாக்கொத்துகள், கூடுதலான தகவல். இன்னும் ஒன்று. ρ 0.1 ஆக இருக்கும்வரை, 8 டிவிசன்களில் எத்தனை ஆயிரம் வீட்டைக் கேட்டாலும் பயனுள்ள மாதிரி 80ஐத் தாண்டாது, 8ஐ 0.1ஆல் வகுத்தால் வருவது அவ்வளவுதான். மாவட்டம் முழுவதற்கும் பேச விரும்புகிறவர் கூட்ட வேண்டியது டிவிசன்களை. வீடுகளை அல்ல.

தொகைமதிப்புப் புள்ளிவிபரத் திணைக்களம் நாடு தழுவிய வீட்டு வருமானச் செலவு அளவீட்டைச் செய்யும் விதமும் இதுவே. முதலில் தொகைமதிப்பு வட்டாரங்களைத் தெரிவு செய்து, பிறகு ஒவ்வொன்றிலும் 10 வீட்டு அலகுகளை மட்டும் எடுக்கிறார்கள். நகரம், கிராமம், தோட்டம் என்று மூன்று துறைகளாகப் பிரித்துக்கொள்கிறார்கள். 20 ஏக்கரும் அதற்கு மேலும் பரப்பு, 10 பேரும் அதற்கு மேலும் வதியும் தொழிலாளர் என்பது அவர்களின் தோட்ட வரையறை. மாணவியும் இந்த வரையறையைத் தொடக்கத்திலேயே எழுதிவிட வேண்டும். இல்லாவிட்டால், கிராமத்தில் சொந்தத் தேயிலைக் காணி வைத்திருப்பவரும் லயத்தில் இருப்பவரும் ஒரே மாதிரியில் கலந்துவிடுவார்கள்.

ρ எவ்வளவு என்று முன்கூட்டித் தெரியாவிட்டாலும், தரவு வந்ததும் கண்டுகொள்ளலாம். டிவிசன் வாரியாக ஓர் அட்டவணை போட்டால் போதும். ஒரு டிவிசனில் நாலில் மூன்று வீடு ஒரே பால்மாவை வாங்க, அடுத்த டிவிசனில் பத்தில் ஒரு வீடுதான் அதை வாங்கினால், கொத்து ஒட்டியிருக்கிறது. இந்த அட்டவணை இல்லாத ஆய்வேட்டை வாசிப்பவர், அதன் வழு எல்லையை நம்ப வேண்டியதில்லை.

பட்டியலும் கதவும்

அடுத்தது, யாரைக் கேட்பது. கைக்கு எளிதாகக் கிடைக்கும் பட்டியல் தோட்டத்து ஆபீசில் உள்ள செக்ரோல். ஆனால் அது தொழிலாளர் பட்டியல். லயத்தில் குடியிருந்துகொண்டு டவுன் கடையில் வேலை செய்பவரின் வீடும், பிள்ளைகள் கொழும்பிலிருந்து அனுப்பும் காசில் நடக்கும் வீடும் அதில் வராது. காசு கொடுத்து வேறு கடையில் பால்மா வாங்க வாய்ப்புள்ள வீடுகள் இவைதான்! கிராம உத்தியோகத்தரிடம் உள்ள வாக்காளர் இடாப்பில் இவர்கள் இருப்பார்கள். ஆனால் ஊரில் இல்லாதவர்களும் இருப்பார்கள். பால்மா வாங்குவது தனியாள் அல்ல, குடித்தனம். ஆகவே நல்ல பட்டியல் கதவுகளின் பட்டியல். தெரிவான டிவிசனில் முதலில் ஒரு நடை நடந்து, லயக் காம்பராக்களையும் 7 பேர்ச்சஸ் காணியில் கட்டிய தனி வீடுகளையும் வரிசையாக எண்ணி எழுதிக்கொள்வதே மாணவியின் முதல் நாள் வேலை.

டிவிசன்களைத் தெரிவு செய்வதற்கு, வீட்டுத் தொகையைத் திரட்டிக் கூட்டும் முறை உண்டு. முதல் டிவிசனில் 120 வீடு என்றால் அதற்கு 1 முதல் 120, அடுத்ததில் 90 என்றால் 121 முதல் 210, இப்படியே கடைசிவரை. மொத்தம் 6,000 வீடு வந்தால், 20 டிவிசனுக்கு இடைவெளி 300. தொடக்க எண் 140 என்று சீட்டில் விழுந்தால், அது இரண்டாம் டிவிசனில் இருக்கிறது. அடுத்தது 440, பிறகு 740. பெரிய டிவிசனுக்கு வாய்ப்புக் கூடும். எல்லா டிவிசனிலும் ஒரே அளவு வீடு எடுப்பதால், கடைசியில் ஒவ்வொரு வீட்டுக்கும் கிடைப்பது சம வாய்ப்பு.

டிவிசனுக்குள் வீடு தெரிவு செய்யும்போது ஒரு பொறி இருக்கிறது. பதில் தராத வீடும் பூட்டிய வீடும் இருக்கும் என்பதால், 8 பதிலுக்கு 10 வீட்டைத் தெரிவு செய்கிறார் மாணவி. 120 வீட்டில் 10 என்றால், பாடநூல் சொல்லும் ஒழுங்கான இடைவெளி 12. அந்த டிவிசனில் பத்து லயம். லயத்துக்கு 12 காம்பரா. தொடக்க எண் 1 விழுந்தால் 1, 13, 25, 37 என்று ஒவ்வொரு லயத்தின் முதல் காம்பராவும்தான் வரும். லயத்தின் ஓரத்துக் காம்பராவுக்குப் பக்கவாட்டில் இடம் இருக்கும். கூடுதல் அறை இறக்கியிருப்பார்கள், தோட்டம் போட்டிருப்பார்கள், சில இடத்தில் சின்னக் கடையும் வைத்திருப்பார்கள். நடுக் காம்பராவுக்கு அந்த வசதி இல்லை. பார்வைக்கு எழுமாற்று மாதிரியாகத் தெரிவது, வசதி கூடிய வீடுகளின் மாதிரியாகிவிடும். இதற்கு மருந்து எளிது. இடைவெளியை விட்டுவிட்டு, எக்செலில் `=RANDBETWEEN(1,120)` போட்டு வேறுவேறான பத்து எண் எடுத்துக்கொள்ள வேண்டும்.

நேரமும் மாதிரியின் பகுதிதான். வார நாளில் காலை பதினொரு மணிக்குப் போனால் கொழுந்து எடுப்பவர்கள் மலையில் இருப்பார்கள். லயத்தில் இருப்பது பாட்டிமாரும் சின்னப் பிள்ளைகளும். பால்மா வாங்கும் காசைக் கையாள்பவர் சாயந்தரம் ஐந்துக்குப் பிறகுதான் வீட்டுக்கு வருவார். பூட்டிய வீட்டுக்குப் பதிலாகப் பக்கத்து வீட்டைக் கேட்பதுதான் பரவலான வழக்கம். அது கூடாது. வேறொரு நேரத்தில் இரண்டு தடவையாவது திரும்பிப் போக வேண்டும். அப்போதும் இல்லையென்றால் ‘பதில் இல்லை’ என்று பதிய வேண்டும்.

மற்ற வழிகளையும் நியாயமாகப் பார்ப்போம். கூகுள் படிவத்தை வாட்ஸ்அப் குழுக்களில் விடுவது மலிவு. ஆனால் அது கேட்பது போனும் டேட்டாவும் உள்ள இளைஞரை. வீட்டுச் சாமான் வாங்குபவரை அல்ல. பசறைச் சந்தையில் நின்று, வயதும் பாலினமும் பார்த்துப் பங்கீட்டு முறையில் கேட்பது இதைவிட மேல். என்றாலும், டவுனுக்கு வந்து காசு கொடுத்து வாங்குபவர்களே அங்கே கூடுதலாக அகப்படுவார்கள். கொப்பியில் வாங்கும் வீடு நழுவிவிடும். ஆய்வின் மையக் கேள்வியே கடன் என்றால், அந்தச் சரிவை எந்தப் பங்கீடும் நிமிர்த்தாது.

தலையாட்டும் அளவுகோல்

இனி அளவுகோல். ரென்சிஸ் லிகர்ட் 1932இல் முன்வைத்த முறை, பல கூற்றுகளுக்கு ஒருவர் தரும் உடன்பாட்டைக் கூட்டி அவருடைய மனப்பாங்கை அளப்பது. ஒரே ஒரு கூற்றை ஐந்து பெட்டியோடு போட்டுவிட்டு லிகர்ட் அளவுகோல் என்பது அவருடைய முறை அல்ல. அதைவிடப் பெரிய சிக்கல், அந்த முறை பதிலாளர் தானே வாசித்துத் தானே கோடிடுவதை எண்ணி அமைக்கப்பட்டது என்பது. லயத்து வாசலில் பெரும்பாலும் மாணவி வாசிப்பார், அந்த அக்கா வாய்விட்டுப் பதில் சொல்வார்.

“இந்தப் பால்மா தரமானதுன்னு நினைக்கிறீங்களா அக்கா?”

“ஆமாங்க.”

“விலை நியாயமா இருக்கா?”

“ஆமாங்க மிஸ்.”

துரையின் அனுமதியோடு, சில வேளை கங்காணி கூடவே வர, படித்த பிள்ளை ஒன்று பேப்பரோடு வந்து நின்றால் ‘இல்லை’ சொல்வது எளிதல்ல. இதை இணங்கிப்போகும் சாய்வு என்பார்கள். இது இருக்கிறதா என்று கண்டுபிடிக்க ஒரு வழி, எதிர்க்கூற்றையும் கேட்பது. ‘இந்தப் பால்மாவின் விலை நியாயமானது’ என்பதற்கு ஒருவர் 4 தருகிறார். ஐந்தாறு கேள்வி தள்ளி, ‘இந்தப் பால்மா எங்களுக்குக் கட்டுப்படியாகாத விலை’ என்பதற்கும் 4 தருகிறார். இரண்டாவதைத் திருப்பிப் போட்டால் 2, சராசரி 3. கணினி அவரை ‘நடுநிலை’ என்று எழுதும். அவர் நடுநிலை அல்ல, தலையாட்டியிருக்கிறார். இப்படி இரண்டு பக்கமும் ஆமோதித்தவர்கள் எத்தனை பேர் என்று தனியே எண்ணி எழுதுவது ஆய்வேட்டின் கடமை.

நம்பகத்தன்மைக்குக் காட்டப்படும் குரொன்பாக் ஆல்பா இங்கே காப்பாற்றாது. கூற்றுகள் எல்லாம் ஒரே திசையில் இருந்து, சிலர் எல்லாவற்றுக்கும் 5ம், சிலர் எல்லாவற்றுக்கும் 4ம், சிலர் எல்லாவற்றுக்கும் 3ம் சொன்னால் ஆல்பா 0.9ஐயும் தாண்டும். 0.7ஐத் தாண்டியதால் அளவுகோல் நம்பகமானது என்று எழுதிவிடலாம். ஆனால் ஒத்துப்போனது பதில் சொல்லும் பழக்கம்தான்; பால்மாவைப் பற்றிய எண்ணம் அல்ல.

திருத்த முடியும். ஐந்து பெட்டியையும் ஒரே மூச்சில் வாசிக்காமல் இரண்டு படியாகக் கேட்கலாம். முதலில் இரண்டு பக்கத்தையும் சமமாக வைத்து, “இந்த விலை கூடவா, பரவாயில்லையா?” என்று கேட்டு, பிறகு “கொஞ்சம் கூடவா, ரொம்பக் கூடவா?” என்று இறங்கினால், ஆமாம் போட இடம் இல்லை. பதில் தாளில் அது நாலு அல்லது ஐந்து புள்ளியாகவே பதியப்படும். பிராண்டுகளை ஒப்பிட, நிலையான கூட்டுத்தொகை முறை நன்றாக வேலை செய்யும். மூன்று பால்மாவின் வெறும் பைக்கற்றுகளைத் திண்ணையில் வைத்து, பத்துத் தீக்குச்சியைக் கொடுத்து, விருப்பத்துக்கு ஏற்றபடி பிரித்து வைக்கச் சொன்னால், ஒன்றுக்குக் கூட வைக்க இன்னொன்றில் குறைத்தே ஆக வேண்டும். எல்லாவற்றுக்கும் 4 போட வழியில்லை. இதற்கும் விலை உண்டு. ஒன்று ஏறினால் மற்றது இறங்கும் கட்டாயம் இருப்பதால், இந்த எண்களைக் காரணிப் பகுப்பாய்வில் போட முடியாது. ஒப்பீட்டுக்கு அது, மனப்பாங்குக்கு இரண்டு படிக் கேள்வி என்று பிரித்துக்கொள்வதே சரி.

எந்த அளவுகோலைவிடவும் பெறுமதியானவை செயலைக் கேட்கும் மூன்று கேள்விகள். கடைசியாக வாங்கியது எந்தப் பால்மா? எந்தக் கடையில்? கைக்காசா, கொப்பியா? முடிந்தால் அடுப்படியில் இருக்கும் பைக்கற்றைக் காட்டச் சொல்லலாம். ‘வழக்கமாக’ என்று கேட்டால் நல்ல பிராண்டின் பெயர் வரும். ‘கடைசியாக’ என்று கேட்டால் வாங்கியதன் பெயர் வரும். விருப்பத்தில் ஒன்றும் அடுப்படியில் வேறொன்றும் இருக்கும் வீடுகளை எண்ணினால், பிராண்ட் விசுவாசம் என்று நாம் அழைப்பதில் எவ்வளவு பங்கு கடைக்காரரின் கொப்பிக்குரியது என்று தெரியும். இந்த ஆய்வேட்டின் உண்மையான கண்டுபிடிப்பு அங்கேதான் இருக்கிறது.

ஆக, எத்தனை பேர்?

கேள்வி விகிதத்தைப் பற்றியதா, தொடர்பைப் பற்றியதா என்பதைப் பொறுத்தது. கடன் சார்பும் பிராண்ட் மாற்றமும் தொடர்புடையவையா என்பதுதான் கருதுகோள் என்றால், சனத்தொகை அந்தக் கணக்கில் வருவதே இல்லை. எவ்வளவு பலமான தொடர்பைப் பிடிக்க விரும்புகிறோம் என்பதே வருகிறது. 0.3 அளவு ஒட்டுறவை, நூற்றுக்கு 80 வாய்ப்போடு, 5 வீத மட்டத்தில் கண்டுபிடிக்க ஏறத்தாழ 85 பேர் வேண்டும், 0.2 என்றால் ஏறத்தாழ 195 பேர். கொத்து விளைவுக்கு இதைப் பெருக்கிக்கொள்ள வேண்டும். 20 டிவிசனில் எட்டெட்டாக எடுத்த 160 வீடு முதலாவதற்குத் தாங்கும், இரண்டாவதற்குத் தாங்காது. இதை ஆய்வேட்டில் முன்கூட்டியே சொல்லிவிட்டால், ‘தொடர்பு இல்லை’ என்ற முடிவை ‘சிறிய தொடர்பைக் காண மாதிரி போதவில்லை’ என்று சரியாக வாசிக்க முடியும்.

384க்கு ஆதரவாகவும் ஒன்று சொல்ல வேண்டும். பரீட்சகருக்கு அது பழகிய எண், கேள்வி எழாது. பத்துப் பேரைக் கேட்டு மாவட்டத்துக்கே தீர்ப்புச் சொல்லும் துணிச்சலை அது தடுத்திருக்கிறது. ஆனால் அந்த எண்ணை நிரப்பும் அவசரமே மாணவர்களை ஒரே டிவிசனில் குவிய வைக்கிறது, பக்கத்து வீட்டைக் கேட்க வைக்கிறது, படிவத்தை வாட்ஸ்அப்பில் விட வைக்கிறது. நல்ல நோக்கத்தோடு வந்த எண், மாதிரியின் தரத்தையே தின்றுவிடுகிறது.

ஆகவே என் தீர்ப்பு இது. பதுளை மாவட்டத் தோட்டக் குடும்பங்கள் என்று தலைப்பு வைத்தால், 20 டிவிசன், டிவிசனுக்கு 8 பதில், கதவுப் பட்டியலிலிருந்து எழுமாற்றுத் தெரிவு, 10 வீத வழு என்ற ஒப்புதல். இது போதும், 384 வேண்டியதில்லை. 8 டிவிசனுக்கு மேல் போக முடியாவிட்டால், தலைப்பிலிருந்து மாவட்டத்தை எடுத்துவிட்டு அந்த டிவிசன்களின் பெயரால் ஆய்வை நடத்துங்கள். வசதி மாதிரிதான் எடுத்தீர்கள் என்றால், வழு எல்லையை எழுதாதீர்கள். ஐந்து புள்ளி அளவுகோலை வைத்துக்கொள்ளலாம், இரண்டு படியாகக் கேட்டு, எதிர்க்கூற்றும் சேர்த்தால் மட்டும். மேற்பார்வையாளர்களிடம் ஒரு வேண்டுகோள்: ‘எத்தனை பேர்?’ என்று கேட்பதற்கு முன் ‘எத்தனை டிவிசன்?’ என்று கேளுங்கள்.